படிவத்தின் ஏழாம் கட்டம்

மார்ச் 24, செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. இடம்: இராயபுரம், எங்கள் அறக்கட்டளை மருத்துவமனையின் முதல் மாடி, கணக்குப் பிரிவின் கூட்ட அறை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிதி அலுவலர் லோகநாதன் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் கொள்முதல் பிரிவு ஜெரால்ட். கதவுக்குப் பக்கத்து நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்தபடி, காத்திவாக்கம் கிளையின் பொறுப்பு நர்ஸ் அடைக்கலமேரி. கட்டடப் பிரிவு இன்ஜினீயருக்குப் போட்ட நாற்காலி காலியாக இருந்தது. மேஜையின் கடைசியில், மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காதபடி முழங்கையை ஊன்றிக்கொண்டு நான். கணக்குப் பிரிவில் கடிதங்களும் கூட்டக் குறிப்புகளும் எழுதுவது என் வேலை. பெயர் செங்குட்டுவன்.

காத்திவாக்கம் கிளை என்பது மூச்சு நோய்க்காரர்களுக்கான சின்ன மருத்துவமனை. எங்கள் கணக்கில் அது ஒரு துறை. இந்த ஆண்டு அந்தத் துறைக்கு ஒதுக்கியதில் மூன்று லட்சத்து எண்பத்தாறாயிரம் ரூபாய் ஆக்சிஜன் தயாரிக்கும் ஐந்து கருவிகளுக்கும், நுரையீரலின் கொள்ளளவைப் பார்க்கும் ஒரு கருவிக்கும் உரியது. போன வாரம் ஜெரால்ட் கொள்முதல் ஆணை போடப் போனபோது கணக்கில் அந்தத் தொகை இல்லை. அதனால்தான் கூட்டம்.

"சார், பதினோரு மாசம் வாய கட்டி வயித்த கட்டி வெச்ச துட்டு சார் அது. பஞ்சு பண்டல்கூட எண்ணி எண்ணி குடுத்தேன். இப்ப இல்லன்றீங்க. எங்க போச்சி?" என்றார் அடைக்கலமேரி.

லோகநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "எங்கயும் போவலம்மா. நீங்க வூட்டு பீரோவுல சேத்து வெக்கிறா மாதிரி நெனச்சிகினு கீறீங்க. ஒதுக்கீடுன்றது உங்க கையில குடுத்த துட்டு இல்ல. ஏப்ரல் ஒண்ணுலேர்ந்து மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள இன்ன வேலைக்கு இவ்ளோ செலவு பண்ணலாம்னு குடுத்த அனுமதி. வருசம் முடிஞ்சா அனுமதியும் முடியும். செலவாவாதது பொது நிதிக்கு திரும்பிடும்."

"அப்ப மிச்சம் புடிச்சது தப்பா?"

"மிச்சம் புடிச்சது தப்புன்னு யார் சொன்னா? அடுத்த வருசத்துக்கு எடுத்துகினு போவணும்னா கேக்கணும். அதுக்கு தனி ஃபாரம் கீது. கேரி ஃபார்வேர்டு ஃபாரம். பிப்ரவரி இருபத்தெட்டுக்குள்ள குடுக்கணும். எதுக்கு ஒதுக்குனது, ஏன் செலவாவல, எந்த தேதிக்குள்ள செலவு பண்ணுவீங்க, அத்தாட்சி இன்னா, இதெல்லாம் எழுதணும். நீங்க அத குடுக்கல. நீங்க குடுத்தது வேற."

அவர் என்னைப் பார்த்தார். கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் நகர்த்தினேன். பிப்ரவரியில் எல்லாத் துறைகளும் தரும் திருத்திய மதிப்பீட்டுப் படிவம் அது. ஏழாம் கட்டத்தின் தலைப்பு: 'மார்ச் 31-க்குள் செலவாகாத தொகை.' அதற்குக் கீழே, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதியதுபோல உருண்டை உருண்டையான எழுத்தில், 3,86,000.

"இந்தக் கட்டத்துல எழுதுனா, இது எங்களுக்கு வேணாம், எடுத்துக்கங்கன்னு அர்த்தம். சரண்டர். எழுதி, கையெழுத்தும் போட்டு குடுத்துட்டீங்க," என்றார் லோகநாதன்.

அடைக்கலமேரி அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். "இந்த பாரத்துல அப்டி எழுதலியே சார். செலவாவாத தொகைன்னுதான் போட்டுகீது. அது செலவாவலதான்? மேக்கூரை ஒழுவுது, ரூம்புல கருவி வெக்க முடியாதுன்னு உங்க கட்டட ஆளுங்கதான் டிசம்பர்லேர்ந்து இழுத்துகினு இருந்தாங்க. மார்ச் ஒம்பதாந்தேதிதான் முடிச்சி குடுத்தாங்க. நான் ஆபீசுக்கு போன் போட்டு கேட்டுட்டுதான் எழுதுனேன்."

"ஆபீஸ்ல யாரு சொன்னது?"

அவர் அறையில் இருந்த மூன்று பேரையும் ஒருமுறை பார்த்தார். என்மேல் பார்வை கொஞ்சம் கூடுதலாக நின்றதா, அது என் மனப்பிரமையா, தெரியாது. "பேரு கேக்கல சார்," என்றார்.

நான் குறிப்புப் புத்தகத்தில், 'தொலைபேசியில் கேட்டதாகச் சொன்னார்' என்று எழுதினேன். அதற்குமேல் எழுதவில்லை. வாயையும் திறக்கவில்லை.

ஜெரால்ட் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "சார், இன்னும் ஏழு நாள் கீது. சரண்டர கேன்சல் பண்ணிட்டீங்கன்னா கம்பெனிக்காரன்கிட்ட இருபத்தொம்பதாந்தேதி போட்டு பில்லு வாங்கிக்கலாம். சாமான் வந்துச்சின்னு ஸ்டோர்ஸ்ல ஒரு என்ட்ரி. சாமான் அப்பால மே மாசம் வரட்டும். எல்லா எடத்துலயும் மார்ச்சுல இப்டித்தான் ஓடுது."

"வராத சாமானுக்கு வந்துச்சின்னு எழுத சொல்றியா? ஆடிட்டர் வந்து கருவிய காட்டுன்னா உன்ன நிக்க வெச்சி காட்டட்டுமா? உன் மூக்குலயும் காத்து வருதுதான்," என்றார் லோகநாதன்.

ஜெரால்ட் சிரித்தான். அடைக்கலமேரி சிரிக்கவில்லை.

இன்னொரு செய்தியும் இருந்தது. சரண்டர் ஆன பணம் சும்மா கிடப்பதில்லை. தேவைப்பட்ட துறைக்கு மாற்றிவிடுவார்கள். இந்த மூன்று லட்சத்து எண்பத்தாறாயிரத்தில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் தலைமை மருத்துவமனை ஜெனரேட்டர் பழுதுக்குப் போய்விட்டது. மீதி இரண்டு லட்சத்து நாற்பத்தாறாயிரம் இன்னும் யாருக்கும் மாற்றப்படவில்லை. அதைத் திருப்பித் தரவும், அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்ல அனுமதிக்கவும், தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளவும் பொருளாளர் தலைமையிலான நிதிக்குழுவுக்குத்தான் அதிகாரம். குழு 30-ஆம் தேதி திங்கட்கிழமை கூடுகிறது. விண்ணப்பம் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் பாரிமுனையில் உள்ள பொருளாளர் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

"தாமதத்துக்கு காரணம் சரியா சொல்லணும்மா. 'கவனக்குறைவால்'னு எழுதுன ரெண்டு துறைய போன வருசம் அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்க. இவரு நாளைக்கு அங்க வந்து எப்டி கேக்கணும்னு சொல்லுவாரு. கூட ஒக்காந்து எழுதுங்க," என்று லோகநாதன் என்னைக் காட்டினார்.

கூட்டம் பதினொன்று ஐம்பதுக்கு முடிந்தது.

எனக்கு ஒரு பழக்கம். ஊரில் எட்டாம் வகுப்பு வாத்தியார் பழக்கியது. வந்த கடிதம், போன கடிதம், கேட்ட கேள்வி, சொன்ன பதில், எல்லாவற்றையும் தேதி நேரம் போட்டு எழுதிவைப்பேன். தொலைபேசிக்குப் பக்கத்தில் அதற்கென்றே நீள நோட்டு ஒன்று கிடக்கும். மேஜைக்குத் திரும்பியதும் அதைப் பிரித்தேன். தேட வேண்டிய அவசியமே இல்லை. எந்தப் பக்கம் என்று கூட்டத்தில் இருந்தபோதே தெரியும்.

'பிப். 12, காலை 11.20. காத்திவாக்கம், அ. மேரி. கருவிக்கான மீதிப் பணத்தை எங்கே எழுதுவது? ஏழாம் கட்டம் என்றேன்.'

அவ்வளவுதான். அவர் கேட்டதற்குச் சரியான பதில். மீதிப் பணத்தை எழுத வேண்டிய கட்டம் ஏழுதான். 'வேண்டும் என்று வைத்திருக்கிறீர்களா, வேண்டாம் என்று விடுகிறீர்களா?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். 'கருவிக்கான' என்று அவர் சொன்னதை என் கையே எழுதியிருந்தது. அந்த வாரம் பதினாறு துறைகளின் படிவம் வர வேண்டியிருந்தது. ஒழுங்காகக் கூட்டல் போட்டு, கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே வந்தது அவருடையது ஒன்றுதான். அதற்காகச் சந்தோஷப்பட்டுக் கோப்பில் முதலாவதாக வைத்தேன்.

இந்த நோட்டு என் மேஜையைவிட்டு எங்கும் போவதில்லை. வேறு யாரும் படிப்பதும் இல்லை. ஏப்ரலில் என் வேலையை நிரந்தரம் செய்யும் கோப்பு அதே பொருளாளரிடம் போக இருந்தது. நோட்டை மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

மறுநாள் மருத்துவமனை வண்டியில் போனேன். ஓட்டுநர் டில்லிபாபு திருவொற்றியூர் தாண்டும்வரை கன்டெய்னர் லாரிகளைத் திட்டிக்கொண்டே வந்தார். "இன்னா சார், மூஞ்சி தொங்கிகினு கீது? வூட்ல சண்டையா?" என்று கேட்டார். ஆபீஸ் விஷயம் என்றேன். "ஆபீஸ் விஷயத்துக்கு மூஞ்சி தொங்குற மொத ஆளு நீதான் சார்," என்றார்.

காத்திவாக்கம் கிளையில் ஒரு நீள அறை. புதுசாய்ச் சிமென்ட் பூசிய கூரை இன்னும் திட்டுத்திட்டாக ஈர நிறத்தில் இருந்தது. சுவரோரம் ஐந்து நாற்காலிகள். இருந்தது ஒரே ஒரு ஆக்சிஜன் கருவி. அது குளிர்சாதனப் பெட்டி மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. முதல் நாற்காலியில் மங்கம்மா என்ற அம்மாள் மூக்கில் குழாயோடு இருந்தார். கழிமுகத்தில் இறால் பிடித்தவர். இரண்டு வருடமாகத் தண்ணீரில் இறங்கவில்லை. மற்ற நான்கு பேரும் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். ஒருவருக்கு நாற்பது நிமிடம். சுவரில் ஒரு கடிகாரம். அதைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"புது கருவி வந்தா இந்த அஞ்சு பேருக்கும் வூட்டுக்கே குடுத்து அனுப்பிடலாம். ராத்திரி தூங்குறப்பதான் இவங்களுக்கு வோணும். பகல்ல நாப்பது நிமிசம் குடுத்து இன்னா பண்றது?" என்றார் அடைக்கலமேரி.

மங்கம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா நைனா, கருவி கொண்ணாந்தியா?"

"இல்லம்மா. கருவிக்கு மனு எழுத வந்திருக்கேன்."

"மனுவ மூக்குல சொருவிக்க முடியுமா?" என்று கேட்டு, சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் போய், அடைக்கலமேரி ஓடிவந்து முதுகைத் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. கடிகாரத்தில் அந்தம்மாளுக்கு இன்னும் ஆறு நிமிடம் பாக்கி. பக்கத்து நாற்காலிக்காரர், "வெச்சிக்கம்மா, எனக்கு அவசரமில்ல," என்றார். அவர் உதடு நீலம் பாரித்திருந்தது.

பின்னறையில் மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். நான் தாளை எடுத்தேன்.

"முதல்ல, எவ்வளவு கேட்கிறோம். இரண்டு லட்சத்து நாற்பத்தாறாயிரம் மீதி இருக்கு. முழுசையும் கேட்கக் கூடாது. கருவி ஒன்று நாற்பத்தெட்டாயிரம், ஐந்துக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். அதை மட்டும் கேட்போம். ஆறாயிரம் பொது நிதிக்குப் போகட்டும். மீந்ததை வைத்துக்கொள்கிறோம்னு தோணவே கூடாது. இன்ன பொருளுக்கு இவ்வளவுன்னு இருக்கணும்."

"நொரையீரல் பாக்குற கருவி?"

"அதுக்குப் பணம் இல்ல. அதைப் புது ஆண்டு ஒதுக்கீட்டில் தனியா கேட்கணும்."

அவர் தலையை ஆட்டினார்.

"அடுத்து, ஏன் செலவாகல. கூரை வேலை மார்ச் ஒன்பதாம் தேதிதான் முடிஞ்சதுன்னு கட்டடப் பிரிவு தந்த சான்று இருக்கா? அதை இணைக்கணும். தாமதம் உங்க கையில் இல்லன்னு அதுதான் காட்டும். மூன்று கம்பெனிகள் தந்த விலைப்புள்ளியும் இணைக்கணும். எப்போ செலவாகும்? ஏப்ரலில் ஆணை, மே கடைசியில் பொருள், ஜூன் முப்பதுக்குள் பணம். அந்தத் தேதிக்குள் முடிக்கலன்னா அனுமதி தானாவே போயிடும். மறுபடி நீட்டிக்க மாட்டாங்க. இன்னொன்று, இந்தப் பணம் புது ஆண்டு ஒதுக்கீட்டோட சேராது. தனித் தலைப்பில் நிற்கும். இதிலிருந்து பஞ்சோ மருந்தோ வாங்க முடியாது."

எல்லாவற்றையும் அவர் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடிவைத்தார்.

"தாமதத்துக்கு காரணம்?"

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க கொரலு எனக்கு தெரியாதா சார்? மாசத்துக்கு நாலு தபா போன் பண்றேன். நேத்து உங்க பேர நான் சொல்லல. நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துகினு இருந்தேன். நீங்க குனிஞ்சி எழுதிகினு இருந்தீங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கும் புத்தி இல்ல. ஒரு வார்த்த, கருவி வாங்கத்தான் வெச்சிகீறேன், இது போயிடாதேன்னு கேட்டிருக்கலாம். கேக்கல. அத நான் எழுதி கையெழுத்து போடுறேன். உங்களுத நீங்க பாத்துக்கங்க," என்றார்.

வெளியே மங்கம்மாவின் முறை முடிந்து குழாயை மாற்றும் சத்தம் கேட்டது.

என் பையில் அந்த நீள நோட்டு இருந்தது. எதற்கு எடுத்துவந்தேன் என்று காலையில் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. அதைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். அவர் விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். 'கருவிக்கான' என்ற இடத்தில் விரல் நின்றது.

"எழுதிகூட வெச்சிகீறீங்க," என்றார்.

கடிதத்தின் வரைவை அங்கேயே உட்கார்ந்து எழுதி முடித்தேன். மூன்று கோரிக்கைகள்: சரண்டர் செய்த தொகையில் ரூ. 2,40,000-ஐத் திரும்பத் தருதல், அதை அடுத்த நிதியாண்டுக்கு எடுத்துச்செல்ல அனுமதித்தல், விண்ணப்பம் பிந்தியதைப் பொறுத்தருளல். மூன்றாவதின் கீழே காரணம் எழுதினேன்: 'இத்தொகையை எங்கே குறிப்பது என்று துறைப் பொறுப்பாளர் பிப்ரவரி 12 அன்று கணக்குப் பிரிவைக் கேட்டார். அது குறிப்பிட்ட கருவிகளுக்கு உரியது என்பதையும் கூறினார். அப்பிரிவின் எழுத்தர் செங்குட்டுவன், தனிப் படிவம் ஒன்று உண்டு என்பதைச் சொல்லாமல், ஏழாம் கட்டத்தில் குறிக்கச் சொன்னார். அன்றைய தொலைபேசிக் குறிப்பின் நகல் இணைப்பு 5.'

அடைக்கலமேரி இரண்டு முறை படித்துவிட்டு, தான் மறுபடி விசாரிக்காமல் விட்டதையும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை அதை லோகநாதனிடம் வைத்தேன். துறை தரும் விண்ணப்பம் நிதி அலுவலரின் பரிந்துரையோடுதான் போக வேண்டும். அவர் இணைப்புகளைச் சரிபார்த்தார். விலைப்புள்ளிகள் சரி. கட்டடச் சான்று சரி. பிறகு காரணத்துக்கு வந்தார். படித்துவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"உனக்கு பைத்தியமாய்யா? 'தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட குறைபாட்டால்'னு ஒரு வரி போடு. முடிஞ்சிது."

"போன வருஷம் அப்படிப் பொதுவா எழுதினதுதான் சார் திரும்பி வந்தது. யார் யாரிடம் எப்போது சொன்னார்னு குழு கேட்டு எழுதியிருந்தாங்க. பதில் வரதுக்குள்ள மார்ச் முடிஞ்சிருச்சு."

அவருக்கும் அது நினைவிருந்தது. அந்தக் கோப்பையும் நான்தான் எழுதினேன்.

"உன் நிரந்தர ஃபைலு அடுத்த மாசம் அதே ஆள்கிட்ட போவுது. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"நீ எழுதிகீறது உனக்கு மட்டும் இல்ல. அந்த பாரத்த அடிச்சி அனுப்புனது யாரு? நான். 'சரண்டர்'னு ஒரு வார்த்த ஏழாங் கட்டத்துல போடல. பதினாறு துறைக்கும் போவுது, யாருக்கும் புரிலன்னு யாரும் சொல்லல. இத படிச்சா அடுத்த கேள்வி என்னத்தான் கேப்பாங்க."

அவர் தாளை மேஜைமேல் போட்டு, மேலே கோப்பு ஒன்றை வைத்து மூடினார். நாளைக்குப் பார்க்கலாம் என்றார். நாளைதான் வெள்ளிக்கிழமை.

அன்று சாயங்காலம் பேருந்தில் நின்றபடி, மாற்று வரைவு ஒன்றை மனத்தில் எழுதிப் பார்த்தேன். பெயர் இல்லாமல். நன்றாகத்தான் வந்தது. ஒரு வரியும் உறுத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வெள்ளி காலை பத்தரைக்கு மேஜையில் போன் அடித்தது. காத்திவாக்கம். நோட்டை எடுத்து நேரம் போட்டேன். அடைக்கலமேரி, "போயிடுச்சா சார்?" என்று மட்டும் கேட்டார். இன்னும் இல்லை என்றேன். மங்கம்மாவை நேற்று இரவு மூச்சு முட்டி ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் எடுத்துப்போனார்களாம். இப்போது பரவாயில்லையாம். "சும்மாதான் கேட்டேன்," என்று வைத்துவிட்டார். அதையும் எழுதினேன்.

நோட்டை அப்படியே எடுத்துக்கொண்டு லோகநாதன் அறைக்குப் போனேன். அந்தப் பக்கத்தை அவர்முன் விரித்து வைத்தேன். அவர் படித்தார். கோப்புக்கு அடியிலிருந்து விண்ணப்பத்தை உருவினார். பேனாவைத் தேடினார். அது அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

'பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதினார். கொஞ்சம் நிறுத்தி, அதன் கீழே இன்னொரு வரியும் எழுதினார்: 'படிவத்தின் ஏழாம் கட்டம் தெளிவாக இல்லை, வரும் ஆண்டு திருத்தப்படும்.' கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, என் பக்கம் தள்ளினார்.

"குடுப்பாங்களா சார்?"

"எனக்கு இன்னா தெரியும்? இதே மாதிரி நாலு துறை கேட்டுகீது. பொது நிதியில இந்த வருசம் பள்ளம். ஒண்ணு உன் மனு போவும், இல்ல உன் வேல போவும், இல்ல ரெண்டும். போ, டில்லிபாபு கெளம்பிடப் போறான்."

மேஜைக்கு வந்து இணைப்புகளை வரிசைப்படி அடுக்கினேன். ஒன்று, சரண்டர் படிவத்தின் நகல். இரண்டு, கட்டடச் சான்று. மூன்று, விலைப்புள்ளிகள். நான்கு, செலவுக் கால அட்டவணை. ஐந்தாவது, நோட்டின் நகல். அதை ஒருமுறை எடுத்துத் தனியாக வைத்துப் பார்த்தேன். மற்ற நான்கோடும் விண்ணப்பம் முழுசாகத்தான் தெரிந்தது. திரும்ப அடியில் வைத்து, ஓரம் தட்டி, கிளிப் போட்டேன்.

உறைமேல் பொருளாளரின் பதவியை எழுதி, மூலையில் 'மிக அவசரம், 30-3 கூட்டத்துக்கு' என்று சிவப்பு மையில் குறித்தேன். மடிப்பில் பசை தடவி அழுத்தினேன். மடிப்பின் குறுக்கே என் கையெழுத்து, அதன்மேல் அலுவலக வட்ட முத்திரை. மை காயும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கீழே டில்லிபாபு வண்டியை எடுத்துவிட்டிருந்தார். ஜன்னல் வழியாக உறையை வாங்கி முன்பலகையில் வைத்தார். காற்றில் பறக்கும் என்று சொன்னேன். எடுத்துத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். தபால் நோட்டில் நேரம் எழுதினேன்: 11.40. கேட்டைத் தாண்டி, கன்டெய்னர் லாரி ஒன்றுக்குப் பின்னால், வண்டி பாரிமுனைப் பக்கம் திரும்பியது.